ஒருங்குறி இயல்பாக்கமும் தமிழ்ச் சொற்றேடலும்: போளூர் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

சவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில் வேலூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது அமிர்தி. அம்மலையின் தென்கீழ்ப் புறத்தே திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது போளூர். இப்பகுதியின் ஊர்ப்பெயர்களைக் கணினியில் தொகுக்கும் ஆய்வாளர் ‘அமிர்தி’ என்று தேடினால், சரியாகத் தட்டப்பட்ட எல்லா இடங்களும் கிடைக்கும். ‘போளூர்’ என்று தேடும்போது கண்ணெதிரே உள்ள சொல்லும் அகப்படாமற் போகலாம். இவ்வேறுபாடு எழுத்துப்பிழையால் நேர்வதன்று. ஓகார உயிர்க்குறி கணினியில் இருவகையாகச் சேமிக்கப்படுவதால் நேர்வது.

ஒருங்குறியில் ‘ோ’ என்பதற்கு U+0BCB என்னும் தனிக் குறியெண் உண்டு. அதே வடிவத்தை இரட்டைக்கொம்பு (U+0BC7), கால் (U+0BBE) என்னும் இரண்டு குறியெண்களை அடுத்தடுத்து இட்டும் பெறலாம். முதல் முறையில் ‘போளூர்’ ஆறு குறியெண்களாலும், இரண்டாம் முறையில் ஏழு குறியெண்களாலும் ஆகும். திரையிலும் அச்சிலும் வேறுபாடு தோன்றாது. குறியெண்களை எண்ணிப் பார்ப்பதே வேறுபாட்டை அறியும் எளிய வழி.

தமிழில் இத்தகைய இரட்டை நிலை உடையவை நான்கே: ஔ என்னும் உயிரெழுத்தும், ொ, ோ, ௌ என்னும் உயிர்க்குறிகளும். இவற்றின் இருவகை வடிவங்களும் சமமானவை என்று ஒருங்குறித் தரமே வரையறுத்துள்ளது. அவற்றை ஒருவகையாக்குவதே இயல்பாக்கம். NFC என்னும் முறை பிரிந்தவற்றைச் சேர்க்கும். NFD என்னும் முறை சேர்ந்தவற்றைப் பிரிக்கும்.

```python
import unicodedata as u
a = "\u0baa\u0bcb\u0bb3\u0bc2\u0bb0\u0bcd"
b = "\u0baa\u0bc7\u0bbe\u0bb3\u0bc2\u0bb0\u0bcd"
print(len(a), len(b), a == b)   # 6 7 False
print(u.normalize("NFC", a) == u.normalize("NFC", b))   # True
```

தேடுசொல், தேடப்படும் பனுவல் ஆகிய இரண்டையும் ஒரே முறைக்கு உட்படுத்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது பயன் தராது. தமிழுக்கு NFC முறையே ஏற்றது. அதற்குக் காரணம் உண்டு. செங்கம் வட்டார நடுகற்கள் பலவற்றில் அரசன் பெயருக்கு முன் ‘கோ’ என்னும் சொல் வரும். அக்கல்வெட்டுப் பாடங்களை NFD வடிவில் வைத்து ‘கே’ என்று தேடினால், ‘கோ’ உள்ள இடங்களும் வந்து சேரும். பிரிந்த ‘கோ’வின் முதல் இரு குறியெண்களும் ‘கே’யே ஆதலின். NFC வடிவில் இக்குழப்பம் இல்லை. எனினும் ‘க’ என்னும் தேடலில் ‘கோ’வும் அகப்படுவதை NFC தடுக்காது. அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று தனியே சோதித்தல் வேண்டும்.

இயல்பாக்கம் செய்யப்படுவது தேடலுக்கான படியில்தான். மூலக்கோப்பை அப்படியே காத்தல் நன்று. குறியெண்களின் எண்ணிக்கை மாறுவதால், முன்பு குறித்துவைத்த இட எண்கள் பிறழ்ந்துவிடும்.

இயல்பாக்கத்திற்கு எட்டாத பிழைகளே ஆய்வாளருக்கு மிகுந்த தொல்லை தருவன. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் கொம்பு, மெய், கால் என்பன கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டப்பட்டன. அவற்றை மாற்றும் கருவி பிழைபட்டு, காலை முன்னும் கொம்பைப் பின்னும் வைத்துவிட்டால் NFC அதனைச் சீராக்காது. வரிசை மாறிய அவ்வடிவத்தைத் தரம் சமமெனக் கொள்வதில்லை.

இதனினும் நுட்பமானது ஔகாரச் சிக்கல். ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தைப் போன்றே தோன்றுவதால், ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று தட்டுவது பெருவழக்கு. ‘கௌதமன்’ என்பதும் அவ்வாறே ‘கெளதமன்’ ஆகிறது. ளகரம் U+0BB3, ஔகார நீட்சிக்குறியோ U+0BD7. இவை வெவ்வேறு எழுத்துகளாகவே கொள்ளப்படுவதால் எந்த இயல்பாக்கமும் இவற்றை இணைக்காது. இணைக்காமலிருப்பதே முறையும் ஆகும். இணைத்தால் ‘தெளிவு’, ‘ஒளி’, ‘வெள்ளம்’ ஆகியவை சிதைந்துபோகும்.

இதன் விளைவு தேடலோடு நிற்பதில்லை. யாப்பினை அலகிடும் நிரல் ‘கௌ’ என்பதை நெடிலாகக் கொண்டு நேரசையாக்கும். ‘கெள’ என்பதை இரு குறிலாகக் கொண்டு நிரையசையாக்கும். சீரும் தளையும் அதனால் மாறிவிடும். அகரவரிசையிலும் ‘ஒளவை’ ஒகரச் சொற்களிடையே சென்று மறையும்.

திருத்தத்திற்கு ஓரளவு விதி வகுக்கலாம். ஒகரத்தை அல்லது ஒற்றைக்கொம்பு பெற்ற மெய்யை அடுத்து வரும் ளகரம், புள்ளியோ உயிர்க்குறியோ பெற்றிருப்பின் அது மெய்யான ளகரம். அதனைத் தொடுதல் ஆகாது. அவை இல்லாமல் அகரமேறிய ளகரமாக நிற்பின் அது ஐயத்திற்குரியது. அத்தகைய சொற்களைத் தனிப்பட்டியலாக எடுத்து, பேரகராதியுடன் ஒப்பிட்டு ஒவ்வொன்றாக முடிவு செய்தல் வேண்டும். தானியங்கி மாற்றத்திற்கு இவ்விடத்தில் இடமளிப்பது பாடவேறுபாட்டைப் புதிதாக உண்டாக்குவதாகும்.

‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தும் இவ்வகையினதே. 2005-இல் ‘ஶ’ ஒருங்குறியில் சேர்ந்தபின், ஸகரத்தால் ஆனதும் ஶகரத்தால் ஆனதும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவாகத் தோன்றுகின்றன. இங்கு ஐயத்திற்கு இடமில்லாமையால், தேடற்படியில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஒரு வரி விதியே போதும்.