கூச்சமுள்ள குழந்தையின் வீட்டுக்கு ஒரு கடிதம்

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெற்றோருக்கு எழுதும் பாராட்டுகளில் அடிக்கடி காணும் வரி, ‘முன்பைவிட இப்போது நன்றாகப் பேசுகிறாள்’ என்பது. கூச்சமுள்ள குழந்தையின் வீட்டுக்கு இந்த வரி எதையும் புரியவைக்காது. வீட்டில் அவள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்; தம்பியை அதட்டுகிறாள், பாட்டியிடம் கதை கேட்கிறாள். பள்ளியில் வாய் திறப்பதில்லை என்பதே பெற்றோருக்கு ஆசிரியர் சொல்லித்தான் தெரியும். எனவே என்ன மாறியது, எப்போது, யாரிடம் என்று கடிதம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது வருகைப்பதிவில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். ‘உள்ளேன் மிஸ்’ என்று வராது. ஜூலையில் விடையைத் தோழியின் காதில் சொல்வாள், தோழி உரக்கச் சொல்வாள். ஆகஸ்டில் நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது தன் முறை வந்ததும் ஒரு வரி படித்தாள். ஆசிரியர் தினத்தன்று எல்லோருடனும் சேர்ந்து பாடினாள். அதற்கடுத்த வாரம் ஆசிரியரின் மேசைக்கு வந்து, ‘மிஸ், பாத்ரூம் போகணும்’ என்றாள்.

கடிதத்தில் எதை முதலில் எழுதுவது? பலரும் விழாப் பாட்டைத்தான் எழுதுவார்கள். நான் பாத்ரூமைத்தான் எழுதச் சொல்வேன். பாட்டு மனப்பாடம், கூட்டத்தோடு சேர்ந்தது, யாரோ ‘ஆரம்பி’ என்றார்கள். இந்தக் கேள்வியோ யாரும் தூண்டாமல் வந்தது. பேசத் தயங்கும் பிள்ளைகளில் சிலர் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், கேட்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். தனக்கு வேண்டியதைத் தானே வந்து கேட்டதுதான் இந்தச் சிறுமியின் பெரிய தாண்டல்.

அந்தக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். உங்கள் மகளைப் பற்றி ஒரு நல்ல செய்தி. ஜூன் மாதம் அவள் வகுப்பில் தலையை மட்டும்தான் அசைப்பாள். சென்ற செவ்வாய்க்கிழமை அவளாகவே என்னிடம் வந்து பாத்ரூம் போகணும் என்று கேட்டாள். மறுநாள் மதியச் சாப்பாட்டில் சமையல் அக்காவிடம், கொஞ்சம் சாம்பார் வேணும் என்றாள். குழுவில் வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். நிறுத்திவிடாமல், எழுத்துக் கூட்டிப் படித்து வரியை முடித்தாள். பக்கத்தில் அவளுடைய தோழி இருந்தால் குரல் தெளிவாக வருகிறது. அடுத்து, வருகைப்பதிவில் பதில் சொல்லப் பழக்கப் போகிறேன். வீட்டில் இன்று பள்ளியில் யாரிடம் என்ன கேட்டாய் என்று மட்டும் விசாரியுங்கள்.’

இந்தக் கடிதத்தில் ‘கூச்சம்’ என்ற சொல்லே இல்லை. நம் ஊரில் பள்ளிக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் குழந்தைதான். அக்காவோ அண்ணனோ அதை உரக்கப் படிப்பார்கள், அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். ‘உங்கள் மகள் கூச்ச சுபாவம்’ என்று ஆசிரியரே எழுதினால் அது அவளுக்கு இன்னொரு பெயராகிவிடும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடவே கூடாது. எல்லோரும் தன்னைப் பார்ப்பதுதானே அவளுடைய பயம்!

நான்காவது வாக்கியத்துக்கு முன்னே ஒரு வேலை இருக்கிறது. ஆசிரியர் அன்றன்றே ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு, அவள் சொன்ன சொற்களை அப்படியே குறித்து வைத்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் ‘நல்ல முன்னேற்றம்’ என்ற பொத்தாம்பொதுவான வரிதான் வரும். ஆசிரியர் செய்த மாற்றத்தையும் அதே நோட்டில் குறிக்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். 3 நொடியாவது காத்திருந்தபோது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். தயங்கும் குழந்தைக்கு அந்த இடைவெளிதான் வாசல்.

கடிதம் கிடைத்த மகிழ்ச்சியில் சில வீடுகளில் ஒன்று நடக்கும். வந்த விருந்தினர் முன் அவளை நிறுத்தி, ‘மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு’ என்பார்கள். மறுநாள் அவள் பள்ளியில் மீண்டும் தலையை அசைக்கத் தொடங்கினால் வியப்பில்லை. அதனால்தான் கடிதத்தின் கடைசியில், வீட்டில் செய்யவேண்டியதை ஒரே ஒரு வேலையாகச் சுருக்கிச் சொல்லியிருக்கிறது.

பாராட்டுக் கடிதம் போதாத இடமும் உண்டு. வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கழித்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அங்கே சொல்லே பேசாமல் இருந்தால், அது வெறும் கூச்சமாக இல்லாமல் ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்ற பதற்றப் பிரச்சினையாக இருக்கக்கூடும். காது கேட்பதையும் பார்த்துவிட வேண்டும். அப்போது ஆசிரியர் பெற்றோரை நேரில் அழைத்துப் பேசி, குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். இதைத் தாளில் எழுதிக் குழந்தையின் பையில் அனுப்பக் கூடாது.

நல்ல கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்துப் பள்ளியிலும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஜூனில் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் அதைப் படித்தால், அவளைத் தோழியின் பக்கத்தில் உட்காரவைப்பார்.