பல் கறுத்ததா? இரும்புச்சத்து சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்!

ஏழு மாதக் குழந்தை. கீழ் ஈறில் இரண்டு பல், அரிசி மாதிரி முளைத்திருக்கிறது. ரத்தசோகை என்று டாக்டர் இரும்புச்சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார். சில வாரம் போனதும் பல் ஓரத்தில் கறுப்புக் கோடு! "ஐயோ, பல்லு சொத்தையாப் போச்சே!" என்று பாட்டி பதறுகிறார். அன்றோடு மருந்து பாட்டில் அலமாரி மூலைக்குப் போய்விடுகிறது.

பல்லைக் காப்பாற்றப் போய் ரத்தத்தைக் கோட்டை விடும் கதைதான் இது.

சொத்தையா, கறையா?

அது சொத்தை அல்ல, கறை. வாயில் உள்ள கிருமிகள் உண்டாக்கும் கந்தகப் பொருளோடு மருந்தில் உள்ள இரும்பு சேர்ந்தால் கறுப்பாகிப் பல்லின் மேல் படிகிறது. உள்ளே இறங்குவதில்லை. பல் வழவழப்பாக இருந்து, ஈறை ஒட்டிக் கோடு மாதிரி கறுத்திருந்தால் பெரும்பாலும் கறைதான். சொரசொரப்பு, குழி, சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு இருந்தால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டிராப்பர் போகும் இடம்

கறைக்குக் காரணம் மருந்து முன்பல்லில் படுவதுதான். படாமல் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

குழந்தையைப் படுக்கப் போட்டு ஊற்றக் கூடாது. மடியில் சாய்வாக உட்கார வைத்து, தலையை முழங்கை மடிப்பில் தாங்குங்கள். டிராப்பரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, டாக்டர் சொன்ன கோடு வரை மருந்தை எடுங்கள். நுனியை வாய் ஓரமாக நுழைத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, முன்பல்லைத் தாண்டிக் கொண்டு போங்கள். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். ஒரு மடக்கு விழுங்கிய பிறகு அடுத்தது.

தொண்டைக்குள் பீச்சினால் புரையேறும். மூக்கைப் பிடித்து ஊற்றுவதும், வீறிட்டு அழும்போது ஊற்றுவதும் ஆபத்து.

"பால்ல கலந்து குடுத்தா சமர்த்தா குடிச்சுடுமே?" என்று கேட்பார்கள். வேண்டாம். பால் இருந்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். பாதிப் பாலை மிச்சம் வைத்தால் மருந்தும் பாதிதான் போயிருக்கும்.

அப்புறம் வாயைத் துடையுங்கள்

ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு மருந்து இறங்கியதும் இரண்டு ஸ்பூன் காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுங்கள். பிறகு சுத்தமான மெல்லிய துணியை நனைத்து, ஆள்காட்டி விரலில் சுற்றி, பல்லை முன்னும் பின்னும் துடையுங்கள். ஈறும் பல்லும் சேரும் இடத்தை விடாதீர்கள். கறை பிடிப்பது அங்கேதான். காலையிலும் ராத்திரியிலும் குழந்தைக்கான மிருதுவான பிரஷால் தேய்ப்பது இன்னும் நல்லது.

ஏற்கெனவே பிடித்த கறையைச் சாம்பல், உப்பு, நகம் கொண்டு சுரண்டாதீர்கள். பல்லின் மேல்பூச்சு தேயும். பல் டாக்டர் பாலிஷ் போட்டு எடுத்துவிடுவார்.

டிராப்பரை மாற்றாதீர்கள்

ஏழு கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்று டாக்டர் தீர்மானித்தால், ஒரு நாளைக்கு 21 மில்லிகிராம். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள மருந்து என்றால் இரண்டு மில்லி போதும். அதே இரண்டு மில்லியை, மில்லிக்கு 25 மில்லிகிராம் உள்ள வேறு பாட்டிலிலிருந்து கொடுத்தால் 50 மில்லிகிராம் போய்விடும். இரண்டு மடங்குக்கும் மேல்! கடையில் வேறு மருந்து மாற்றிக் கொடுத்தால் அளவை டாக்டரிடம் மறுபடி கேளுங்கள்.

2018-ல் தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் தரப்படும் சிரப் கணக்கு வேறு. அது ரத்தசோகை வராமல் தடுக்க. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு மில்லி. இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

மருந்து சாப்பிடும் குழந்தைக்கு மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயம் வேண்டாம். ரத்தம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். கொடுத்ததும் கக்கிவிட்டால், கேட்காமல் மறுபடி கொடுக்காதீர்கள்.

பாட்டில் எங்கே இருக்கிறது?

இனிப்பாக இருப்பதால் வீட்டில் உள்ள பெரிய குழந்தை பாட்டிலோடு குடித்துவிடலாம். அளவு மீறிய இரும்பு விஷம். வாந்தி எடுத்த பிறகு குழந்தை தெளிந்த மாதிரி தோன்றும். சில மணி நேரம் கழித்து நிலைமை மோசமாகும். அதனால் "சரியாயிடுச்சு" என்று காத்திருக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்குப் போன் செய்யலாம்.

கொடுத்து முடித்ததும் டிராப்பரை வெந்நீரில் அலசிக் காயவைத்து, பாட்டிலைப் பூட்டி வையுங்கள்.