குழாயில் அமுக்க இழப்பு: இரு விடைகள் ஏன்?

20 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மீட்டர் நீளமும் உள்ள வழவழப்பான குழாயில், நீர் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். இதன் ரெனால்ட்ஸ் எண் 1000. ஆகவே ஓட்டம் சுழலின்றி அடுக்கடுக்காக அமையும். பாய்சூல் சூத்திரத்தின்படி அமுக்க இழப்பு மீட்டருக்கு 4 பாஸ்கல். மொத்தம் 6 பாஸ்கல். கணிப்பொறி உருவகமோ ஏறத்தாழ 7.6 பாஸ்கல் என்கிறது. இவ்வேறுபாட்டை ஒரு மாணவர் தம் திட்ட மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் பின்வருமாறு விளக்கலாம்.

ஓட்டம் முழு வளர்ச்சி பெற்றுவிட்டதென்று சூத்திரம் கொள்கிறது. உருவகத்திலோ நீர் நுழைவாயில் முழுவதிலும் ஒரே வேகத்துடன் புகுகிறது. பிறகு சுவரருகே வேகம் குறைய, நடுவில் அது சராசரியைப்போல் இருமடங்காகிறது. இம்மாற்றம் நிறைவுறச் சுமார் 1.2 மீட்டர் தேவை. இவ்விடைவெளியில் நடுநீரை முடுக்கவும், சுவரில் மிகும் உராய்வை வெல்லவும் கூடுதல் அமுக்கம் செலவாகிறது. அது ஏறத்தாழ 1.6 பாஸ்கல் ஆகும்.

இதனைச் சோதிப்பது எளிது. உருவகத்தில் 1.25 மீட்டரிலும் 1.5 மீட்டரிலும் உள்ள அமுக்கங்களை மட்டும் ஒப்பிட வேண்டும். வேறுபாடு 1 பாஸ்கலாயின் காரணம் நுழைவுப்பகுதியே. அவ்வாறு இல்லையேல் வலைப்பின்னலின் நுண்மையையோ பாகுநிலை மதிப்பையோ ஆராய்தல் வேண்டும்.

எந்த விடையைக் கொள்வது? குழாய் தொட்டியிலிருந்து வளைந்த வாயுடன் தொடங்கினால் உருவகத்தின் விடை பொருந்தும். நீண்ட நேர்குழாயின் இடைப்பகுதியாயின் சூத்திரத்தின் விடையே பொருந்தும்.