வீட்டு வாடகை எந்தக் கணக்கில்?

கோவையில் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் ஒருவர், கணக்காளர் தோழிக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு பதிவுகளைச் சரிபார்க்கச் சொல்கிறார். தொழில் வங்கிக் கணக்கிலிருந்து வீட்டு வாடகை 12,000 ரூபாய் போயிருக்கிறது. அதைச் செலவில் சேர்க்காமல் ‘எடுப்புகள்’ என எழுதியிருக்கிறார். உரிமையாளர் தனக்காக எடுத்த பணம் முதலைத்தான் குறைக்கும், லாபத்தைத் தொடாது.

பலரும் கோட்டை விடுவது மறுபக்கத்தில். ஓராண்டு எழுத்துரு உரிமத்துக்கு அவர் சொந்த அட்டையில் 6,000 ரூபாய் கட்டினார். தொழில் வங்கி அறிக்கையில் அது வராது. விட்டுவிட்டால் லாபம் 6,000 கூடுதலாகத் தெரியும். உண்மையான லாபத்தின்மேல் வரி கட்டுபவருக்கு இது நேரடி நட்டம். தொழில் செலவில் பற்று, முதல் கணக்கில் வரவு என்று எழுத வேண்டும்.

“வீட்டிலிருந்துதானே வேலை செய்கிறேன், வாடகையில் ஒரு பங்கு?” என்றும் கேட்கிறார். வேலைக்கென ஒதுக்கிய அறையின் பங்கை மட்டும் செலவாக மாற்றலாம். அறையின் அளவும் வாடகை ரசீதும் கையில் இருக்க வேண்டும்.