சிங்கப்பூர்ப் பணம் எங்கே போனது?

ஊரே பாடம் – தொடர்

பி.ஏ. சமூகவியல் மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கேட்டால், கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் தங்கள் தெருவையே சொல்வார்கள். லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளைகுடாவுக்குப் போன ஆள் இல்லாத தெருவைத் தேடத்தான் வேண்டும். புவனகிரி, காட்டுமன்னார்கோயில் சுற்றுப்பட்டில் சிங்கப்பூர்க் கட்டட வேலைக்குப் போனவர்கள் நிறைய. 'வெளிநாட்டு வருமானமும் குடும்பச் செலவும்' என்று தலைப்பு தானாகவே அமைந்துவிடுகிறது. சிக்கல் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கும்.

"பையன் அனுப்புற பணத்தை எதுக்கும்மா செலவு பண்றீங்க?"

"எதுக்குன்னா? வூட்டு செலவுக்குத்தான் கண்ணு. வேற இன்னாத்துக்கு?"

அடுத்த வீட்டிலும் இதே பதில். முப்பது வீடு முடிந்ததும் மாணவி அட்டவணை போடுகிறாள்: குடும்பச் செலவு 80 விழுக்காடு, கல்வி 10, மற்றவை 10. ஆய்வேடு தயார். ஆனால் அதைப் படிப்பவருக்கு அந்தக் குடும்பங்களைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. இது மாணவியின் குறை மட்டுமல்ல. 2016-17ஆம் ஆண்டுக்காக ரிசர்வ் வங்கி எடுத்த கணக்கிலும், வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த பணத்தில் சுமார் 59 விழுக்காடு 'குடும்பப் பராமரிப்பு' என்றுதான் பதிவானது. ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கேட்டது, வீட்டுக்குள் போகவில்லை. வீட்டுக்குள் போகும் வாய்ப்பு இருக்கிற மாணவியும் அதே பதிலோடு திரும்பினால் போனதற்குப் பலன் என்ன?

கேள்வியை மாற்ற வேண்டும். 'எதற்கு?' என்று கேட்பதற்கு முன்னால் 'எப்போது?' என்று கேட்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கணக்கு புரிவதற்காக நான் அமைத்துக்கொண்ட குடும்பம் இது. ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் இதை அதிசயமாகப் பார்க்கமாட்டார்கள். புவனகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயக் கூலி. மூத்த மகன் 2.5 லட்சம் ரூபாய் ஏஜென்டிடம் கட்டிச் சிங்கப்பூர் போகிறான். அதில் 1.5 லட்சம், அம்மாவின் நகையையும் மனைவியின் நகையையும் வங்கியில் அடகு வைத்தது. மீதி ஒரு லட்சம் ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கியது. அதாவது மாதம் 2,000. நகைக்கடன் வட்டியையும் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 3,000 ரூபாய் வட்டிக்கே போகிறது.

அவன் மாதம் 25,000 அனுப்புகிறான். வீட்டுக்கு 10,000 எடுத்துக்கொள்கிறார்கள். வட்டி 3,000 போக மிச்சம் 12,000 அசலை அடைக்க. ஆக, முதல் வருடத்தில் வந்த பணத்தில் 60 விழுக்காடு அவன் ஊரைவிட்டுக் கிளம்பியதற்கான விலை. 12 மாதத்தில் சேரும் 1,44,000 ரூபாயில் ஊர்க்கடன் ஒரு லட்சமும் தீர்ந்து, நகைக்கடனில் 44,000 குறைகிறது. இரண்டாம் வருடத்தில்தான் நகை வீட்டுக்கு வருகிறது. அந்த வருடக் கடைசியில் கையில் நிற்கும் ஐம்பது, அறுபதாயிரம் தங்கச்சி கல்யாணத்துக்கு. மூன்றாம் வருடம் வீட்டுக்கு அஸ்திவாரம். ஐந்தாம் வருடம் பிள்ளை இங்கிலீஷ் மீடியம் பள்ளியில்.

மாணவி முதல் வருடம் போயிருந்தால் 'கடன்' என்று எழுதியிருப்பாள். மூன்றாம் வருடம் போனால் 'வீடு'. ஐந்தாம் வருடம் என்றால் 'கல்வி'. மூன்றும் ஒரே குடும்பம்தான். இப்போது தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒருவன் போய் ஆறு மாதம், இன்னொருவன் போய் எட்டு வருடம். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, 'இந்தக் குடும்பம் கல்விக்கு முக்கியத்துவம் தருகிறது, அது தரவில்லை' என்று முடிவு எழுதுகிறார்கள். முக்கியத்துவத்தில் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம். போன தேதியில்தான் வித்தியாசம்.

ஆகவே கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் ஒரு காலக்கோடு வேண்டும். ஆள் எப்போது போனார், எவ்வளவு கட்டினார், கடன் எப்போது தீர்ந்தது, எந்த வருடம் எந்தப் பெரிய செலவு. வருடம் கேட்டால் சொல்லத் தெரியாது என்பார்கள். சம்பவத்தைச் சொல்லிக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கடலூர் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை: 2004 சுனாமி, 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல், 2015 வெள்ளம், கொரோனா. "தானேவுக்கு முன்னாடி போனாரா, பின்னாடியா?" என்றால் பாட்டிகூட யோசிக்காமல் பதில் சொல்வார்.

அடுத்த முடிச்சு கொஞ்சம் நுட்பமானது. நம் குடும்பத்து அப்பாவுக்குக் கூலியில் மாதம் 8,000 வருகிறது என்று வைப்போம். முன்பு அது மளிகைக்குப் போனது. இப்போது மளிகை சிங்கப்பூர்ப் பணத்தில் வருகிறது. அப்பாவின் 8,000 சின்ன மகளின் கல்லூரிக் கட்டணமாகப் போகிறது. "பையன் பணம் எதுக்குப் போவுது?" என்றால் "மளிகைக்கு" என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் மளிகை எப்படியும் வாங்கியிருப்பார்கள். நின்றிருப்பது பெண்ணின் படிப்பு. எந்த நோட்டு எங்கே போனது என்று பின்னாலேயே போனால் விடை கிடைக்காது. பொருளியலாளர்கள் அதனால்தான் வரும் பணத்தை விட்டுவிட்டு, குடும்பத்தின் மொத்தச் செலவையும் கேட்டு, வெளிநாட்டுப் பணம் வராத குடும்பத்தோடு ஒப்பிடுகிறார்கள். குவாதமாலாவில் ரிச்சர்ட் ஆடம்ஸும் அல்ஃப்ரெடோ குவெகுவெச்சாவும் அப்படிச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டுப் பணம் வாங்கும் குடும்பங்கள் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் உணவுக்குக் குறைவாகவும் கல்விக்கும் வீட்டுக்கும் அதிகமாகவும் ஒதுக்குவது தெரிந்தது.

ஆனால் சமூகவியல் மாணவி அத்தோடு நின்றுவிடக்கூடாது என்பது என் கட்சி. விவியானா செலிசர் 1994இல் எழுதிய 'பணத்தின் சமூகப் பொருள்' என்ற புத்தகத்தில் காட்டியது இதற்கு நேர் எதிர்த் திசை: மக்கள் எல்லாப் பணத்தையும் ஒன்றாக நடத்துவதில்லை, இது இதற்கு, அது அதற்கு என்று பிரித்து அடையாளம் வைக்கிறார்கள். நம் ஊர் வீடுகளில் இது கண்முன்னே நடக்கிறது. மகன் அனுப்பியதைத் தொடாமல் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கும் அம்மாக்கள் உண்டு. கணக்குப்படி அது நஷ்டம். "அது அவன் வூடு கட்ட வெச்சிருக்கிற காசு" என்பது அவர் நியாயம். பொருளியல் கணக்கில் இது பிழையாக விழும். சமூகவியலுக்கு இதுதான் தரவு. அதனால் இரண்டு கேள்வியும் வேண்டும். தொகைக்கு மொத்தச் செலவு, பொருளுக்கு, "இந்தக் காசில் எதைத் தொடமாட்டீர்கள்?"

மொத்தச் செலவு கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. தேசிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் காய்கறி, மீன் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள், வாடகை, மின்கட்டணம் போன்றவற்றுக்கு 30 நாள், துணிமணி, படிப்பு, பாத்திரபண்டம் போன்றவற்றுக்கு 365 நாள் என்று பிரித்துக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் 'மாதம் எவ்வளவு?' என்று கேட்டால் ஜூன் மாதக் கல்விக் கட்டணமும் தீபாவளித் துணியும் கணக்கில் வராமலே போய்விடும்.

எந்தப் பெட்டியில் போடுவது என்று திணறவைக்கும் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று நகை. பெரும்பாலான ஆய்வேடுகளில் அது 'ஆடம்பரம்' என்ற தலைப்பில் கிடக்கிறது. நம் குடும்பத்தில் மகன் போனதே அடகு வைத்த நகையில்தான். ஐந்தாம் வருடம் வாங்கும் புது நகை, தம்பி வெளிநாடு போகும்போது மறுபடி வங்கிக்குப் போகும். அதை ஆடம்பரம் என்று எழுதுவது, வங்கி வைப்பை ஆடம்பரம் என்று எழுதுவதற்குச் சமம். இன்னொன்று மொய். 'சடங்குச் செலவு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மொய் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், எழுதியது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்று பேர் பேராக இருக்கும். வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கிய வீட்டில் எழுதும் தொகை கூடுகிறதா என்று அந்த ஒரு நோட்டை வைத்தே வருட வாரியாகச் சொல்லிவிடலாம். இதைவிட நம்பகமான ஆவணம் அந்த வீட்டில் இருக்காது. ஆனால் அதில் மற்றவர்கள் பெயர் இருக்கிறது. தொகையை மட்டும் குறித்துக்கொண்டு, படம் எடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பதில் சொல்வது யார் என்பதும் பதிலை மாற்றும். பணம் அம்மா கணக்குக்கு வருகிறதா, மனைவி கணக்குக்கா? எந்த வருடம் மாறியது? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் சொல்லும் கணக்கு ஒன்று; குழாயடியில் சொல்லும் கணக்கு வேறு. முடிந்தால் தனித்தனியாகப் பேசுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

தொகையைக் குறைத்துச் சொல்வார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. கையில் படிவத்தோடு வருபவரிடம் "மாசம் இருபத்தஞ்சு வருது" என்று எந்த அம்மா சொல்வார்? கல்லூரி அடையாள அட்டையைக் காட்டுவது போதாது. வருமானக் கேள்வியைக் கடைசியில் வைத்து, செலவைக் கூட்டி வருமானத்தை நாமே அனுமானிப்பதுதான் வழி. உண்டியலில் அனுப்புகிறாரா, வங்கியிலா என்ற கேள்வியை நான் எடுத்தே விடுவேன். அந்த ஒரு கேள்வியால் வாசல் சாத்தப்படும். தலைப்புக்கு அது தேவையும் இல்லை.

எந்த வீடுகளைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பல ஆய்வேடுகள் சாய்ந்துவிடுகின்றன. தெரிந்த வீட்டில் தொடங்கி, அவர்கள் கைகாட்டும் அடுத்த வீட்டுக்குப் போனால், ஜெயித்தவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். ஏஜென்டிடம் ஏமாந்து ஆறே மாதத்தில் திரும்பியவன் வீட்டை யாரும் கைகாட்டமாட்டார்கள். 2015இல் இருதய ராஜன் குழுவினர் 20,000 குடும்பங்களில் நடத்திய தமிழ்நாடு இடப்பெயர்வுக் கணக்கெடுப்பு, சுமார் 22 லட்சம் தமிழர்கள் வெளிநாட்டில் இருப்பதாக மதிப்பிட்டது. போனவர்களோடு திரும்பி வந்தவர்களையும் அது எண்ணியது. மாணவியும் இரண்டு தெருவை முழுதாக எடுத்து, வீடு வீடாகப் பட்டியல் போட்டு, போனவர், வந்தவர், போகாதவர் மூன்றையும் பிரிக்கலாம். அதற்கு ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

போகாத வீட்டை ஒப்பிடும்போது கண்ணை மட்டும் நம்பக்கூடாது. கான்கிரீட் கூரை தெரிந்தால் 'வெளிநாட்டுப் பணம்' என்று கை தானாக எழுதும். தானே புயலில் குடிசை போனவர்களுக்கு அரசு கட்டித்தந்த கான்கிரீட் வீடுகளும் அதே தெருவில் நிற்கின்றன. மகன் துபாயில் இருந்தும் கடன் தீராமல் ஓட்டு வீட்டில் இருப்பவரும் அங்கேதான் இருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் 'கூரை எந்த வருடம், யார் பணத்தில்?' என்று தனியாக ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். இத்தனையும் செய்தபின் கிடைப்பது அந்த இரண்டு தெருவைப் பற்றிய செய்திதான். அட்டையில் 'கடலூர் மாவட்டம்' என்று அச்சடிக்க ஆசையாக இருந்தாலும், தெருப் பெயரையும் மாற்றி, 'புவனகிரி வட்டத்தில் ஒரு கிராமம்' என்று போடுங்கள்.

(தொடரும்)