7 கிலோ மெஷினும் 2 கிலோ கம்ஃபர்ட்டரும்

போன மார்கழியில் எங்கள் வீட்டு டபுள் காட் கம்ஃபர்ட்டரை 7 கிலோ டாப் லோடு மெஷினில் போட்டேன். குளியலறைத் தராசில் அது 2 கிலோவைச் சற்றுத் தாண்டியது. 7 கிலோ மெஷினுக்கு 2 கிலோ எம்மாத்திரம் என்று அதோடு இரண்டு தலையணை உறைகளையும் சேர்த்தேன். துவைத்து முடித்து ஸ்பின்னுக்கு வந்தபோது டப் தடதடவென்று பக்கச்சுவரில் இடித்து நின்றது. மறுபடி தண்ணீர் பிடித்தது, மறுபடி சுற்றியது, மறுபடி இடித்தது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு திரையில் UE என்ற எழுத்து வந்தது. கம்ஃபர்ட்டரை வெளியே எடுத்தால், நடுப்பகுதியில் ஒரு முழ அகலத்துக்குத் துணி நனையவே இல்லை.

மறுநாள் வந்த மெக்கானிக் மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. நீங்க கிலோவைப் பாத்துப் போட்டிருக்கீங்க, டப்பைப் பாக்கல” என்றார். அவர் சொன்னதன் பொருள் பிடிபட எனக்குச் சில நாள் ஆனது.

மெஷின் மேல் ஒட்டியிருக்கும் 7 கிலோ என்பது உலர்ந்த பருத்தித் துணியின் எடை. நனைந்த துணியின் எடையோ, எந்தத் துணிக்கும் பொருந்தும் எடையோ அல்ல. சோதனைக் கூடத்தில் பருத்தி விரிப்பு, தலையணை உறை, துண்டு ஆகியவற்றைக் குறித்த எடைக்கு எடுத்து, காட்டன் புரோகிராமில் துவைத்துப் பார்த்துத்தான் அந்த எண்ணைத் தருகிறார்கள். அதே மெஷினில் சிந்தெடிக் புரோகிராமுக்கு ஏறத்தாழ பாதி எடைதான் அனுமதி; கம்பளிக்கு அதைவிடக் குறைவு. கையேட்டின் அட்டவணையில் இதெல்லாம் இருக்கிறது. 7, 8 கிலோ மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் போர்வைக்கான புரோகிராமுக்கு நேரே 2 கிலோ, 2.5 கிலோ என்றுதான் போட்டிருக்கும். கடையில் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஏன் இவ்வளவு குறைவு? எங்கள் கம்ஃபர்ட்டரையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீளம் 100 அங்குலம், அகலம் 90 அங்குலம். பரப்பளவு சுமார் 5.8 சதுர மீட்டர். உள்ளே இருப்பது பாலியஸ்டர் பஞ்சு, சதுர மீட்டருக்கு 200 கிராம். ஆக பஞ்சு மட்டும் 1.2 கிலோவுக்குக் கிட்டே. மேலும் கீழும் மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, அது இன்னொரு 900 கிராம். எடைக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுத்தாமல் விரித்தால் அதன் தடிமன் 2 சென்டிமீட்டர். பரப்பளவைத் தடிமனால் பெருக்கினால் 116 லிட்டர் வருகிறது. 7 கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின் ஒன்றின் டிரம் கொள்வது 50 லிட்டர் அளவு. டாப் லோடு டப் அதைவிடக் கொஞ்சம் பெரிது. எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பொருள், இடத்தில் டிரம்மைப் போல இரண்டு மடங்கு!

உள்ளே இருப்பதில் பெரும்பகுதி காற்று, அழுத்தினால் அடங்கிவிடும் என்பது உண்மைதான். அடங்கும், அதுதான் சிக்கலும். திணித்து வைத்த போர்வை டிரம்மோடு ஒரே உருண்டையாகச் சுற்றும். துணி எழும்பி விழுந்து, மடிப்பு பிரிந்து, புதுப்புது இடத்தில் தண்ணீர் படும்போதுதான் அழுக்கு போகிறது. உருண்டைக்குள் அது நடக்காது. டாப் லோடில் இன்னொரு தொல்லை உண்டு. மைக்ரோஃபைபர் துணி நனைந்ததும் அதன் நெசவிடைவெளியைத் தண்ணீர் அடைத்துக்கொள்ள, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் போர்வை பலூன் போல உப்பி மிதக்கும். எங்கள் வீட்டில் நனையாமல் இருந்த அந்த ஒரு முழம் இப்படி மேலே மிதந்த பகுதிதான்.

அடுத்தது ஸ்பின். சட்டை, துண்டு, பாவாடை என்று பத்து உருப்படி இருந்தால் அவை டப்பைச் சுற்றித் தாமாகவே பரவிக்கொள்ளும். ஒற்றைப் பெரிய உருப்படிக்கு அந்த வழி கிடையாது. எங்கே ஒதுங்கியதோ அங்கேயே தண்ணீரோடு உட்கார்ந்துவிடும். ஒரு பக்கத்தில் 1 கிலோ தண்ணீர் கூடுதலாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டப்பின் ஆரம் 25 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 700 சுற்று என்றால், அந்த 1 கிலோ டப்பை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை 130 கிலோ எடைக்கும் மேல். 1200 சுற்றில் அது 400 கிலோவைத் தொடும். மெஷின் மறுபடி மறுபடி தண்ணீர் பிடித்ததும், கடைசியில் UE காட்டி நின்றதும் இந்த விசையிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத்தான். அது பழுதல்ல, பாதுகாப்பு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஸ்பின்னின்போது கடுமையாக அதிர்ந்து மேல் மூடிப் பகுதியே கழன்றுவிடும் ஆபத்து. தாடை உடைந்த ஒருவர் உட்பட 9 பேர் காயமடைந்ததாகப் புகார். கோளாறு அந்த மாடல்களின் அமைப்பில் இருந்தது. ஆனால் பழுது பார்க்கும் வரை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை, படுக்கை விரிப்பு, பெரிய உருப்படி, தண்ணீர் இறங்காத துணி ஆகியவற்றைக் குறைந்த வேகப் புரோகிராமில் மட்டும் துவையுங்கள் என்பதே. தண்ணீர் இறங்காத மெத்தை உறையை எந்த மெஷினிலும் ஸ்பின்னுக்கு விடாதீர்கள். பை போலத் தண்ணீரைப் பிடித்து வைத்து, வேகம் ஏறியபின் ஒரேயடியாகக் கொட்டும்.

உங்கள் போர்வை உங்கள் மெஷினுக்குச் சரிப்படுமா என்று பார்க்கத் தராசு போதாது. உலர்ந்த போர்வையை, திணிக்காமல், தளர்வாக மடித்து டிரம்முக்குள் வையுங்கள். முக்கால் பங்குக்குள் அடங்கி, மேலே உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க இடம் இருந்தால் துவைக்கலாம். முழங்காலால் அழுத்தித்தான் போக வேண்டும் என்றால் வேண்டாம். சரிப்படுவதையும் தனியாகவே போடுங்கள். டாப் லோடு என்றால் டப்பைச் சுற்றிச் சமமாக அடுக்கி, தண்ணீர் நிரம்பியதும் மெஷினை நிறுத்தி, காற்று வெளியேறும்படி கையால் அமுக்கி மூழ்கவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

பவானி ஜமக்காளம், சோலாப்பூர் போர்வை போன்ற பருத்தி உருப்படிகளுக்குச் சோதனை வேறு. அவை மடித்தால் சிறிதாக அடங்கும், டிரம்மில் இடப்பிரச்சினை இராது. ஆனால் பருத்தி தன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீரைக் குடிக்கும். 3 கிலோ உலர்ந்த போர்வை ஸ்பின்னுக்கு முன் 10 கிலோவை நெருங்கிவிடும். இங்கே கையேட்டில் உள்ள எடை வரம்பைத்தான் பார்க்க வேண்டும். பஞ்சடைத்த ரஜாயை மட்டும் மெஷினுக்குக் காட்டவே கூடாது. நனைந்த பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டால் பிறகு பிரியாது.

புது மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 7-ஆ, 8-ஆ, 9-ஆ என்று கடைக்காரரிடம் கேட்டு நிற்காதீர்கள். டிரம் எத்தனை லிட்டர் என்றும், போர்வைப் புரோகிராமுக்கு எத்தனை கிலோ என்றும் கையேட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடவே வீட்டிலுள்ள பெரிய போர்வையை ஒரு பையில் எடுத்துப்போய், அங்கேயே அந்த டிரம்முக்குள் வைத்துப் பாருங்கள்.