கண்புரைச் சத்திரசிகிச்சை: மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படாதவை

நமது கிராமங்களில் அறுபது வயதைத் தாண்டியோர் பலருக்குக் கண்புரை பெருந்தொல்லையாக உள்ளது. அரசாங்க வைத்தியசாலையில் இச்சத்திரசிகிச்சை இலவசம். எனினும் காத்திருப்புப் பட்டியல் நீளும்போது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்துடனோ, நகையை அடகு வைத்தோ தனியார் வைத்தியசாலையை நாடுவோர் உளர். அங்கே அவர்களுக்கு 'பக்கேஜ்' என்ற பெயரில் ஒரே தொகை சொல்லப்படுகிறது. இரு வைத்தியசாலைகளில் விசாரித்து, குறைந்த தொகை சொன்ன இடத்தைத் தெரிவு செய்வதே வழக்கம். அந்த ஒப்பீடு பெரும்பாலும் சரியாக அமைவதில்லை. ஏனெனில் இரு தாள்களும் ஒரே பொருளுக்கு விலை சொல்வதில்லை.

வேறுபாட்டின் பெரும்பகுதி கண்ணுக்குள் வைக்கும் வில்லையிலேயே இருக்கின்றது. புரை படிந்த இயற்கை வில்லையை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை வில்லையை வைப்பதே இச்சத்திரசிகிச்சை. மடிக்கக்கூடிய வில்லையை மிகச் சிறிய வெட்டின் வழியாக உட்செலுத்தலாம். மடிக்க முடியாத கடின வில்லைக்கு வெட்டு பெரிதாக வேண்டும். விலையும் அதற்கேற்ப மாறும். 'வில்லை உட்பட' என்று தாளில் எழுதியிருந்தாலும் எந்த வில்லை என்று எழுதாவிட்டால் அச்சொல்லுக்குப் பொருளில்லை.

கணக்கு விளங்குவதற்காக இலகுவான எண்களை வைத்துக்கொள்வோம். இவை எந்த வைத்தியசாலையினதும் விலைகள் அல்ல. முதலாம் இடம் 120,000 ரூபா என்கிறது. இரண்டாம் இடம் 165,000 ரூபா என்கிறது. முதலாவதைத் துருவிக் கேட்டால், அது கடின வில்லைக்குரிய விலை. மடிக்கும் வில்லைக்கு மேலும் 25,000 ரூபா. வில்லையின் வலுவைக் கணிக்கும் கண் அளவீடு, இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. ஆகியவற்றுக்கு 12,000 ரூபா. சொட்டு மருந்துகளுக்கு 6,000 ரூபா. பின்னர் வைத்திய நிபுணரை மூன்று தடவை சனல் செய்ய 9,000 ரூபா. மொத்தம் 172,000 ரூபா. இரண்டாம் இடத்தின் தொகையில் மடிக்கும் வில்லை, கண் அளவீடு, சொட்டு மருந்து, மூன்று மீள்வருகைகள் யாவும் அடங்கியுள்ளன. இரத்தப் பரிசோதனைக்கும் ஈ.சி.ஜி.க்கும் மட்டும் 5,000 ரூபா வெளியே. மொத்தம் 170,000 ரூபா. 45,000 ரூபா மலிவாகத் தோன்றியது உண்மையில் 2,000 ரூபா கூடுதலாகிவிட்டது.

மீள்வருகைகளை அற்பமாக எண்ண வேண்டாம். மறுநாள் ஒரு தடவை, ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின் ஒரு தடவை, ஒரு மாதமளவில் ஒரு தடவை கண்ணைப் பார்ப்பது பொது வழக்கம். சொட்டு மருந்தும் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு வேண்டும். மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வருகைக்கும் துணைக்கு ஒருவர், வாகனச் செலவு, சிலவேளை தங்குமிடம் என்பனவும் சேரும். இதை எந்த மதிப்பீடும் சொல்லாது. நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் சீனியின் அளவைக் கட்டுப்படுத்தாமல் போனால் சத்திரசிகிச்சை ஒத்திவைக்கப்படலாம். அப்போது ஒரு பயணம் வீணாகும்.

பக்கேஜ் தொகை சிக்கலின்றி முடியும் சத்திரசிகிச்சைக்கே உரியது. வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை சத்திரசிகிச்சையின்போது கிழிந்தால், கண்ணுக்குள் இருக்கும் பாகுபோன்ற திரவம் முன்னே வரும். அதை அகற்ற வேறு கருவி வேண்டும். வேறுவகை வில்லையும் தேவைப்படலாம். இது அடிக்கடி நிகழ்வதல்ல. ஆயினும் நன்கு முற்றிய புரையில் ஆபத்துக் கூடுதல். ஆகவே, "உறை கிழிந்தால் மேலதிகமாக எவ்வளவு அறவிடுவீர்கள்?" என்று முற்பணம் கட்டுமுன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில மாதங்களோ ஆண்டுகளோ சென்றபின் அதே உறை மங்கலாகி, பார்வை மீண்டும் புகைபோலாவதும் உண்டு. அதைச் சில நிமிட லேசர் சிகிச்சையால் சீர்செய்யலாம். அது தனிக் கட்டணம்.

விலை கூடிய வில்லையே சிறந்தது என்ற எண்ணமும் பரவி வருகிறது. தூரத்தையும் கிட்டத்தையும் ஒருங்கே காட்டும் வில்லை, நீரிழிவினால் விழித்திரை பழுதடைந்தவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. விழித்திரையைப் பார்க்குமுன் வரவேற்பு மேசையிலேயே அவ்வில்லைக்கு விலை பேசினால் சற்று நின்று யோசிப்பது நல்லது. சாதாரண ஒருகுவிய வில்லை வைத்தவர் வாசிப்பதற்குக் கண்ணாடி அணிய நேரும். அக்கண்ணாடியின் விலையும் மதிப்பீட்டுக்கு வெளியேதான்.

வில்லைப் பெட்டிக்குள் அதன் பெயர், வலு, தொடர் இலக்கம் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை நோயாளியின் அட்டையில் ஒட்டித்தரக் கேளுங்கள். பற்றுச்சீட்டில் எழுதிய வில்லையும் கண்ணுக்குள் வைத்த வில்லையும் ஒன்றுதானா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். மற்றக் கண்ணுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியருக்கும் அந்த அட்டை உதவும்.